நீண்ட ஓட்டத்தில் வெயில் காப்பு: துணி முதலில், கிரீம் கடைசியில்

லாங் ரன் ஓடப் பழகுகிறவர்கள் வெயிலைப் பற்றி யோசித்ததும் கடைக்குப் போய் ஒரு சன்ஸ்கிரீன் வாங்குகிறார்கள். அதை உடம்பெல்லாம் கெட்டியாகப் பூசி, மேலே இறுக்கமான டி-ஷர்ட் போட்டு ஓடுகிறார்கள். பத்தாவது கிலோமீட்டரில் நெற்றியில் பூசியது வழிந்து கண்ணில் இறங்குகிறது. மறுநாள் மார்பிலும் முதுகிலும் வேர்க்குரு. அத்தனை பூசியும் பின்கழுத்தும் காதும் கன்றிப்போயிருக்கும்.

வெயில் கன்றல், வேர்க்குரு, கண் எரிச்சல் மூன்றையும் தனித்தனியாகச் சரிசெய்யப் பார்த்தால் ஒன்றுக்குச் செய்வது இன்னொன்றைக் கிளப்பிவிடும். அதனால் செய்யும் வரிசைதான் முக்கியம். முதலில் நேரமும் பாதையும், பிறகு துணி, பிறகு கண், இவை மூன்றும் மறைக்காமல் விட்ட தோலுக்கு மட்டும் கிரீம். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

எடுத்துக்காட்டாக ஓர் ஓட்டத்தை வைத்துக்கொள்வோம். ஏப்ரல் மாத ஞாயிறு, சென்னை. திருவான்மியூரில் காலை 5:30-க்குக் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே 15 கி.மீ. போய், அதே வழியில் திரும்பும் 30 கி.மீ. ஓட்டம். கிலோமீட்டருக்கு 7 நிமிடம். தண்ணீருக்கு நிற்பதையும் சேர்த்தால் முடியும்போது 9:15 ஆகிவிடும்.

## முன்கூட்டியே வேண்டியவை

- மெல்லிய, நெருக்கமான நெசவுள்ள முழுக்கை பாலியஸ்டர் டி-ஷர்ட். அல்லது அரைக்கை டி-ஷர்ட்டோடு ஒரு ஜோடி ஆர்ம் ஸ்லீவ்.
- முன்விளிம்பு 7 செ.மீ. இருக்கும் கேப். பின்கழுத்தை மூடும் துணி வைத்ததாக இருந்தால் நல்லது.
- யுவி400 என்று குறித்த, பக்கவாட்டிலும் கண்ணை மூடும் கண்ணாடி.
- எஸ்பிஎஃப் 50, பிஏ++++, வாட்டர் ரெசிஸ்டன்ட் என்று மூன்றும் போட்ட சன்ஸ்கிரீன். ஜெல்லோ, லேசான லோஷனோ போதும்.
- கண்ணைச் சுற்றியும் மூக்கிலும் தடவ, ஜிங்க் ஆக்சைடு உள்ள ஸ்டிக்.
- எஸ்பிஎஃப் 30 உள்ள லிப் பாம்.
- சின்ன பருத்தித் துண்டு ஒன்று. ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் உலர்ந்தபடி இருக்க வேண்டும்.
- ஓட்டம் முடிந்ததும் மாற்ற உலர்ந்த டி-ஷர்ட், உள்ளாடை.

கடைசி இரண்டையும்தான் பெரும்பாலானோர் விட்டுவிட்டு வருகிறார்கள். துண்டு இல்லாவிட்டால் இரண்டாம் முறை கிரீம் பூசுவது வீண். மாற்றுத் துணி இல்லாவிட்டால் வேர்க்குரு வர வாய்ப்பு அதிகம். காரணத்தைக் கீழே பார்க்கலாம்.

## 1. நேரத்தையும் பாதையையும் நிழலை வைத்துக் கணக்கிடுங்கள்

வெப்பத்தைக் கொண்டு வெயிலின் கடுமையை எடைபோடக் கூடாது. தோலைக் கன்றவைப்பது புற ஊதாக் கதிர். அது கண்ணுக்குத் தெரியாது, சூடாகவும் உணர்த்தாது. கடற்காற்று அடிக்கும் குளுமையான காலையிலும் அது முழு வீச்சில் இருக்கலாம். மெல்லிய மேகமும் அதைப் பெரிதாகத் தடுக்காது.

தெருவில் நின்றபடியே அளக்கும் கருவி நம் நிழல்தான். நிழல் உங்கள் உயரத்தைவிட நீளமாக இருக்கும்வரை கதிர் மிதம். நிழலும் நீங்களும் ஒரே அளவு என்றால் சூரியன் 45 பாகையில் இருக்கிறது; அதற்குமேல் கதிர் வேகமாகக் கூடும். ஏப்ரலில் சென்னையில் இது காலை 9 மணியைத் தாண்டியதும் நடக்கும். வானிலைச் செயலிகளில் வரும் யுவி குறியீடு 3-ஐ எட்டினால் காப்பு தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சென்னையில் தெளிந்த வானம் உள்ள ஏப்ரல் காலையில் அது 8 மணியை ஒட்டி வரும். கோவையில் சூரியன் கால் மணி நேரம் போலத் தள்ளி உதிப்பதால், அங்கே இந்த நேரங்களும் அந்த அளவுக்குத் தள்ளிப்போகும்.

அப்படியானால் நம் ஓட்டத்தில் கடைசி ஒன்றேகால் மணி நேரம்தான் அபாயமான பகுதி. இதையே 4:15-க்குத் தொடங்கினால் 8 மணிக்கு முடிந்துவிடும். கேப், கண்ணாடி, முகத்துக்குக் கொஞ்சம் கிரீம் போதும். தூக்கத்தை விட்டுக்கொடுத்து நேரத்தை முன்னால் தள்ள முடிந்தால், அதைவிடப் பெரிய காப்பு கடையில் கிடைக்காது.

பாதையின் திசையையும் பாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை தெற்கு வடக்காகப் போகிறது. போகும்போது கிழக்கு உங்கள் இடப்பக்கம். ஆனால் அந்த நேரம் இருட்டும் இளவெயிலும்தான். திரும்பி வடக்கே ஓடும்போது சூரியன் ஏறியிருக்கும், அது வலப்பக்கம் அடிக்கும். அதனால் இந்தப் பாதையில் கன்றுவது எப்போதும் வலது காது, வலது கன்னம், வலது முழங்கை, வலது கெண்டைக்காலின் வெளிப்பக்கம். டிசம்பரில் சூரியன் தென்கிழக்கில் இருப்பதால் வலது தோளின் பின்புறமும் பின்கழுத்தும் சேர்ந்துகொள்ளும். உங்கள் பாதைக்கும் இப்படி ஒரு கணக்குப் போட்டு வையுங்கள். திரும்பும் பாதியில் எந்தப் பக்கம் வெயில் என்று தெரிந்தால், மறுபடி பூசும்போது எங்கே கவனம் வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

இன்னொன்று: மணற்கரையை ஒட்டி ஓடினால் உலர்ந்த மணல் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தைத் திருப்பி மேலே அனுப்பும். கேப் போட்டும் மோவாயின் அடிப்பக்கம் கன்றுவது இதனால்தான்.

மாலை ஓட்டக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. 4:30-க்கு மேல் கதிர் குறைந்திருக்கும், ஆனால் சாலையும் சுவரும் பகல் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். அங்கே கன்றலைவிட வேர்க்குருதான் தொல்லை. 3, 7-ஆம் பிரிவுகளை முக்கியமாகப் பாருங்கள்.

## 2. துணியால் மூட முடிந்ததை எல்லாம் மூடுங்கள்

துணி வழியாது, இரண்டு மணி நேரத்தில் தேயாது, கண்ணில் இறங்காது. கிரீமுக்கு முன்னால் துணி வருவது இதனால்தான். துணியின் காப்பை யுபிஎஃப் என்ற எண்ணால் சொல்வார்கள். யுபிஎஃப் 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்குக் கதிர் மட்டும் உள்ளே போகும்.

அந்த எண் இல்லாத துணியை வாங்கும்போது ஒரு சோதனை: துணியை விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். உள்ளே வைத்த உங்கள் விரல்களின் வரிவடிவம் தெளிவாகத் தெரிந்தால் கதிரும் அப்படியே போகும். மெல்லிய வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட் இந்தச் சோதனையில் தேறாது. உலர்ந்திருக்கும்போதே அதன் யுபிஎஃப் 5 முதல் 7 வரைதான். வியர்வையில் நனைந்தால் இன்னும் பாதியாகக் குறையும். பருத்தி என்றால் வெயிலுக்கு நல்லது என்பது நடப்பதற்குச் சரி. மூன்றரை மணி நேரம் நனைந்தபடி ஓடுவதற்குச் சரியில்லை.

பந்தயங்களில் தரும் டி-ஷர்ட்டுகளில் முதுகில் வலைத்துணி வைத்த பகுதி இருக்கும். காற்றுக்கு நல்லதுதான். ஆனால் ஓட்டைகள் பெரிதாக இருந்தால் முதுகில் புள்ளி புள்ளியாகக் கருப்பது உறுதி. வலை அக்குளுக்குக் கீழும் விலாவிலும் இருக்கும் டி-ஷர்ட்டைத் தேர்ந்தெடுங்கள். அங்கே வெயில் விழாது, வியர்வை அதிகம் வரும்.

நிறத்தைப் பற்றிக் குழம்ப வேண்டாம். அடர் நிறம் கதிரைக் கூடுதலாகத் தடுக்கும், ஆனால் சூட்டையும் வாங்கும். நெருக்கமான நெசவுள்ள வெளிர் மஞ்சளோ வெளிர் நீலமோ நம் ஊர் வெயிலுக்கு நல்ல நடுவழி.

அளவில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது: உடம்போடு ஒட்டும் இறுக்கமான கம்ப்ரெஷன் சட்டையை வெயில் காப்புக்காகப் போடுவது. இழுபடும் துணியில் நூல்களுக்கு இடையே இடைவெளி விரிந்து காப்பு குறைகிறது. வியர்வை காய இடமில்லாமல் வேர்க்குருவும் வருகிறது. மார்புக்கும் துணிக்கும் நடுவே இரண்டு விரல் பிடித்து இழுக்க முடிகிற தளர்வு இருக்கட்டும்.

ஆர்ம் ஸ்லீவ் போடுபவர்கள் அதன் மேல்பட்டை டி-ஷர்ட் கைக்குள் ஒரு அங்குலமாவது நுழைந்திருக்கும்படி இழுத்துவிடுங்கள். ஓடும்போது அது மெல்ல இறங்கி, இடையில் இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் தெரியும். மறுநாள் அந்த இடம் மட்டும் வளையல் போட்டதுபோல் கன்றியிருக்கும்.

## 3. வேர்க்குரு வரும் இடங்களை ஓடுவதற்கு முன்பே காலியாக வையுங்கள்

வேர்க்குரு வெயிலால் வருவதில்லை. வியர்வைக் குழாயின் வாய் அடைபட்டு, வெளியே வர வேண்டிய வியர்வை தோலுக்குள்ளேயே கசிவதால் வருகிறது. காற்றில் ஈரம் நிறைந்த கடலோர ஊர்களில் வியர்வை காயாமல் தோல் ஊறிக்கொண்டே இருக்கும். குழாய் வாய் அடைபட அதுவே போதும். அதோடு கிரீமோ, எண்ணெயோ, இறுகிய பட்டையோ சேர்ந்தால் சீக்கிரம் வந்துவிடும்.

ஆகவே துணி மூடும் இடத்தில் எதையும் பூசாதீர்கள். மார்பு, முதுகு, வயிறு, தொடையின் மேல்பகுதி ஆகியவற்றுக்குச் சன்ஸ்கிரீனும் வேண்டாம், தேங்காய் எண்ணெயும் வேண்டாம், பாடி லோஷனும் வேண்டாம். பவுடரும் ஓட்டத்துக்கு முன்பு வேண்டாம். வியர்வையில் அது பிசைந்த மாவாகி மடிப்புகளில் திரண்டு உரசும்.

தொடை இடுக்கு, அக்குள், மார்புக்காம்பு போன்ற உரசும் இடங்களுக்கு வாசலின் வேண்டும்தான். ஆனால் அது உரசும் கோட்டில் மட்டும், பட்டாணி அளவு எடுத்து மெல்லியதாக. முதுகு முழுக்க அப்பினால் அதுவே குழாய்களை மூடும்.

பட்டை அழுத்தும் இடங்களைத் தனியாகக் கவனியுங்கள்: தண்ணீர்ப் பையின் தோள்பட்டை, இடுப்பு பெல்ட், ஷார்ட்ஸின் எலாஸ்டிக், பெண்களுக்கு ஸ்போர்ட்ஸ் பிராவின் கீழ்ப்பட்டை. ஒவ்வொரு முறை தண்ணீருக்கு நிற்கும்போதும் பட்டையை அரை நிமிடம் தூக்கிப் பிடித்துக் காற்று விடுங்கள். வேர்க்குரு அடிக்கடி வருபவர்கள் கோடை மாதங்களில் முதுகில் மாட்டும் பையை விட்டுவிட்டுக் கையில் பிடிக்கும் பாட்டிலுக்கு மாறிக்கொள்வது நல்லது.

## 4. கண்ணைத் தயார் செய்யுங்கள்

கண்ணாடியின் கருமைக்கும் புற ஊதாக் காப்புக்கும் தொடர்பே இல்லை. காப்பு இல்லாத கருங்கண்ணாடி, கண்ணாடியே போடாததைவிட மோசமாகலாம். இருட்டென்று நினைத்துப் பாவை விரியும்; விரிந்த வழியாகக் கதிர் கூடுதலாக உள்ளே போகும். சாலையோரத்தில் நூறு ரூபாய்க்கு வாங்கும் கண்ணாடியில் யுவி400 என்ற ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதை நம்பிவிட வேண்டாம். கண்ணாடிக் கடைகள் பலவற்றில் இதை அளக்கும் சின்னக் கருவி இருக்கிறது, கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

பவர் கண்ணாடி போடுபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: பாலிகார்பனேட் லென்ஸ் நிறமே இல்லாவிட்டாலும் புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும். கூச்சத்துக்கு மட்டும்தான் நிறம் தேவைப்படும். போலரைஸ்டு லென்ஸும் அப்படியே: ஈரச் சாலையும் கடலும் பளபளப்பதைக் குறைக்கும், அது தனிக் காப்பு அல்ல.

வாங்கும்போது பக்கவாட்டைப் பாருங்கள். நம் பாதையில் திரும்பும்போது வெயில் வலப்பக்கத்திலிருந்து வருகிறது. தட்டையான கண்ணாடியின் ஓரத்து இடைவெளி வழியாக நேரே கண்ணுக்குள் போகும். முகத்தோடு வளையும் சட்டம் இதற்காகத்தான். ஆனால் அது கன்னத்தில் ஒட்டக் கூடாது. ஒட்டினால் மூச்சுச் சூட்டிலும் வியர்வையிலும் பனிமூட்டம் படியும். போட்டுக்கொண்டு சிரித்துப் பாருங்கள். கன்னம் உயரும்போது சட்டத்தில் இடித்தால் அது ஓட்டத்துக்கு ஆகாது.

இருட்டில் கிளம்பும்போது நிறக் கண்ணாடி போடாதீர்கள். வேகத்தடையும் நாயும் தெரியாது. கேப்பின் மேல் மாட்டிக்கொண்டு, 6:30-க்குப் பிறகு இறக்குங்கள். வெயிலில் தானே கருக்கும் லென்ஸ் வைத்திருப்பவர்கள் இந்தத் தொல்லை இல்லாமல் ஓடலாம். ஒன்றே ஒன்று, கடும் சூட்டில் அது முழுக்கக் கருக்காது. நிறம் குறைந்தாலும் கதிர்த் தடுப்பு குறைவதில்லை.

வருடக்கணக்காக வெயிலிலும் தூசியிலும் ஓடுபவர்களுக்கு வெள்ளைவிழியில் மூக்குப் பக்கத்திலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளரலாம். கண்புரை வருவதிலும் இந்தக் கதிருக்குப் பங்குண்டு. கண்ணாடியைக் கூச்சத்துக்கு மட்டும் என்று நினைத்து, மேகமான நாளில் வீட்டில் வைத்துவிட்டு வருவது அதனால்தான் தவறு.

## 5. மிச்சமிருக்கும் தோலுக்குக் கிரீம்

இப்போது முகம், காது, கழுத்து, கைப்புறம், முழங்காலைச் சுற்றியும் கீழும் உள்ள பகுதி மட்டுமே வெளியே தெரிகிறது. துணியை முன்னால் வைத்ததன் லாபம் அளவில் தெரியும்.

சன்ஸ்கிரீன் அட்டையில் போட்ட எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி அளந்தது. அதைவிட மெல்லியதாகப் பூசினால் 50 என்பது 50 ஆக இருக்காது. அந்தக் கனத்துக்கு வேண்டிய அளவு இது:

- முகம், காது, கழுத்து: 1 டீஸ்பூன். முகத்துக்கு மட்டும் என்றால் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிழிந்த இரண்டு கோடு.
- இரண்டு கைப்புறங்களும்: அரை டீஸ்பூன்.
- ஒவ்வொரு காலிலும் முழங்காலுக்குச் சற்று மேலிருந்து கணுக்கால்வரை: 1 டீஸ்பூன்.

மொத்தம் மூன்றரை டீஸ்பூன், அதாவது சுமார் 17 மி.லி. கையில்லாத சட்டையும் குட்டை ஷார்ட்ஸும் போட்டு ஓடினால் கைகளுக்குத் தலா ஒன்று, கால்களுக்குத் தலா இரண்டு, தோளுக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று என்று 8 டீஸ்பூன் வேண்டும். அது 40 மி.லி. 50 கிராம் டியூப் ஒரே ஓட்டத்தில் கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும். அவ்வளவு யாரும் பூசுவதில்லை, அதனால்தான் கன்றுகிறது.

பூசும் நேரம் 5 மணி, வீட்டில், மின்விசிறிக்குக் கீழே. தோல் முழுக்க உலர்ந்திருக்க வேண்டும். குளித்த ஈரத்திலோ, வார்ம்-அப் முடிந்த வியர்வையிலோ பூசினால் படலம் பிடிக்காது, முதல் கிலோமீட்டரிலேயே வெள்ளையாக வழியும். பூசிய பிறகு 15 முதல் 20 நிமிடம் விடுங்கள். ஷூ போடுவதும் தண்ணீர் குடிப்பதும் அந்த நேரத்தில்.

நெற்றியில் புருவத்துக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்கு லோஷன் வேண்டாம். அங்கே பூசியதுதான் கண்ணுக்கு வழிகிறது. அந்த இடத்துக்குக் கேப்பின் நிழல் உண்டு. கண்ணைச் சுற்றி, மூக்கின் மேல், கன்ன எலும்பில் ஜிங்க் ஸ்டிக்கைத் தடவுங்கள். மெழுகுபோல் இருப்பதால் எளிதில் ஓடாது, ஓடினாலும் எரிச்சல் குறைவு. கேப்புக்குள் நெற்றியில் ஒரு வியர்வைப் பட்டை போட்டால் இன்னும் நல்லது. முடித்ததும் விரல்களைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கையால்தான் கண்ணைத் துடைப்பீர்கள்.

விட்டுப்போகும் இடங்கள் எப்போதும் இவைதான்: காது மடலின் மேல்விளிம்பு, பின்கழுத்தில் முடி முடியும் கோடு, முழங்காலின் பின்புறம், சாக்ஸுக்கு மேலே இரண்டு அங்குலம், கீழுதடு. கேப் போடாமல் ஓடும் பெண்களுக்குத் தலை வகிடு.

மாத்திரை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். டாக்ஸிசைக்ளின் என்ற ஆண்டிபயாடிக், ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைடு ஆகியவை தோலை வெயிலுக்கு எளிதில் கன்றவைக்கும். அவற்றை எடுக்கும் நாட்களில் ஓட்டத்தை 8 மணிக்குள் முடிக்கப் பாருங்கள். மருத்துவரிடம் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

## 6. திரும்பும் இடத்தில் மூன்று நிமிடம்

15-ஆவது கிலோமீட்டரில் மணி 7:20 போல இருக்கும். பூசி இரண்டேகால் மணி நேரம் ஆகிவிட்டது. வாட்டர் ரெசிஸ்டன்ட் கிரீம்கூட இவ்வளவு வியர்வையில் பெரும்பாலும் போயிருக்கும். இனிமேல்தான் வெயில். அதனால் கட்டாயம் இங்கே நிற்க வேண்டும். நிழலில் நில்லுங்கள்.

முதலில் உலர்ந்த துண்டால் முகம், காது, கழுத்து, காலை ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள், தேய்த்தால் மிச்சமிருக்கும் படலமும் உப்போடு சேர்ந்து உரிந்துவிடும். அரை நிமிடம் காற்றுபட நின்ற பிறகு பூசுங்கள். ஈரத்தின் மேல் பூசுவது பூசாததற்குச் சமம். லோஷனை எடுத்து வரப் பிடிக்காவிட்டால் முகத்துக்கும் காதுக்கும் ஸ்டிக்கே போதும். ஒரே இடத்தில் மூன்று நான்கு முறை இழுத்துத் தடவ வேண்டும்.

நேரம் குறைவென்றால் வலப்பக்கத்தை முதலில் முடியுங்கள்: வலது காது, வலது கன்னம், வலது கழுத்து, வலது கெண்டைக்கால். பிறகு உதடு. பிறகு கண்ணாடியைச் சட்டையில் துடைக்காமல் தண்ணீர் விட்டு அலசுங்கள். காய்ந்த உப்பு லென்ஸைக் கீறும்.

கண்ணில் கிரீம் இறங்கி எரிந்தால் கசக்காதீர்கள். தலையைச் சாய்த்துச் சுத்தமான தண்ணீரை மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஓடவிடுங்கள். காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கையைக் கழுவி அதைக் கழற்றிவிட்டுத்தான் கண்ணை அலச வேண்டும்.

வழியில் எலுமிச்சம்பழம் பிழிந்து குடிப்பவர்கள் கையை நன்றாகக் கழுவிவிட்டு ஓடுங்கள். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் ஓரிரு நாளில் சிவந்து, சில சமயம் கொப்புளம் வந்து, பிறகு வாரக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். சாறு வழிந்த கோடு அப்படியே தெரியும்.

## 7. முடித்த பத்து நிமிடத்துக்குள்

நனைந்த துணியோடு நின்று பேசுவதும், அப்படியே வண்டியில் ஏறி வீட்டுக்குப் போவதும்தான் வேர்க்குருவுக்கு நல்ல வாய்ப்பு. ஓடும்போது காற்றாவது படும். கார் சீட்டில் சாய்ந்த முதுகுக்கு அதுவும் இல்லை. முடித்ததும் முதல் வேலையாகச் சட்டையைக் கழற்றி, துண்டால் ஒற்றி, உலர்ந்ததை மாட்டுங்கள்.

வீட்டில் குளிர்ந்த தண்ணீரில் குளியுங்கள். நார் போட்டுத் தேய்க்க வேண்டாம், கிரீம் பூசிய இடத்துக்கு மட்டும் சோப்பு. துடைத்து, மின்விசிறிக்குக் கீழே பத்து நிமிடம் மேல்சட்டை இல்லாமலோ தளர்ந்த பருத்தித் துணியிலோ இருங்கள். அன்றைக்கு எண்ணெய்க் குளியல் வேண்டாம்.

## 8. தோலில் தெரிவது எது என்று பிரித்தறியுங்கள்

பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் இவற்றுக்கு மருந்து வேறு. எந்த இடத்தில் வந்திருக்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

துணிக்கு அடியில், பட்டை அழுத்திய இடத்தில், ஊசி குத்துவதுபோல் அரிக்கும் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் என்றால் வேர்க்குரு. அரிப்பே இல்லாமல் பனித்துளிபோல் தெளிந்த கொப்புளங்கள் என்றால் அதன் லேசான வகை, தானே உதிரும். குளிர்ந்த தண்ணீர், காற்று, கலமைன் லோஷன் போதும். களிம்போ எண்ணெயோ போட்டால் அடைப்பு கூடும். கடையில் கேட்டதும் எடுத்துத் தரும் ஸ்டீராய்டு கலவைக் களிம்பு வேண்டாம். முதல் நாள் அடங்கியதுபோல் காட்டி, பிறகு தோலை மெலிய வைக்கும். நான்கைந்து நாளில் அடங்காவிட்டாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். முதுகும் மார்பும் நிறைய வேர்க்குரு இருக்கும்போது லாங் ரன் போகாதீர்கள். அடைபட்ட தோல் வியர்க்காது. உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாமல் வெப்ப மயக்கம் வரலாம்.

உரசிய கோட்டில் மட்டும் தோல் வழுவழுவென்று உரிந்து, தண்ணீர் பட்டால் எரிந்தால் அது உரசல் புண். புள்ளி இருக்காது. இதற்குத்தான் வாசலின்.

வெயில் பட்ட இடத்தில் மட்டும் சில மணி நேரம் கழித்து அரிக்கும் தடிப்புகள் வந்தால் வெயில் ஒவ்வாமையாக இருக்கலாம். வேர்க்குரு பவுடர் இதற்குப் பயன்படாது. திரும்பத் திரும்ப வந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெயில் கன்றல் உடனே தெரியாது. மூன்று நான்கு மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கி, 12 முதல் 24 மணி நேரத்தில் உச்சத்துக்கு வரும். மாநிறத்திலும் கறுத்த தோலிலும் சிவப்பு எளிதில் தெரியாது என்பதால் நமக்குக் கன்றாது என்று பலர் நினைக்கிறார்கள். அன்று மாலை புறங்கையை வலது கெண்டைக்காலில் வைத்துப் பாருங்கள், பிறகு இடது காலின் உட்பக்கத்தில் வையுங்கள். ஒன்று மட்டும் சுட்டால், இழுத்துப் பிடித்ததுபோல் இருந்தால், லேசாகத் தொட்டாலே வலித்தால் கன்றியிருக்கிறது.

அதற்குக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை 10 முதல் 15 நிமிடம் வைத்து எடுங்கள், நாளுக்கு மூன்று நான்கு முறை. ஈரம் காய்வதற்குள் வாசனையில்லாத மாய்ஸ்சரைசரோ கற்றாழை ஜெல்லோ மெல்லியதாகப் பூசுங்கள். பனிக்கட்டியை நேராக வைக்காதீர்கள். பேஸ்ட், மஞ்சள், எலுமிச்சை எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். நீண்ட ஓட்டம் முடித்து உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது இபுபுரூஃபென் சிறுநீரகத்துக்குச் சுமை. பெரிய பரப்பில் கொப்புளம், குளிர் காய்ச்சல், வாந்தி, தலைசுற்றல் இருந்தால் மருத்துவமனைக்குப் போங்கள்.

கன்றிய தோலும் சரியாக வியர்க்காது. வலியும் சூடும் முழுக்கப் போகும்வரை அடுத்த ஓட்டம் சூரியன் உதிக்கும் முன்பே முடிகிற தூரமாக இருக்கட்டும். வெளியே போக வேண்டியிருந்தால் கன்றிய இடத்தைத் துணியால் மூடுங்கள். உரிகிற தோலின் மேல் கிரீம் நிற்காது.

கண்: அன்று இரவு மணல் விழுந்ததுபோல் உறுத்தி, நீர் வடிந்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால் கருவிழியின் மேல்தோல் வெயிலில் பாதிக்கப்பட்டிருக்கலாம். விளக்கை அணைத்துக் கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள், காண்டாக்ட் லென்ஸ் போடாதீர்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகும். வலி கூடினாலோ பார்வை மங்கினாலோ அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் கிடக்கும் பழைய சொட்டு மருந்தை விட வேண்டாம்.